மலம் போய் முடிந்த பிறகும் மணிக்கணக்கில் வலிக்கிறதா? ஆசனவாய் வெடிப்பை வீட்டிலேயே ஆற்றும் முறை

மூன்று நாள் பேருந்துப் பயணம். வழியில் கழிப்பறைகள் இருந்த நிலையைப் பார்த்து, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அடக்கிக்கொண்டே வந்தேன். தண்ணீரும் குறைவாகத்தான் குடித்தேன். நான்காம் நாள் காலையில் வீட்டில் உட்கார்ந்தபோது மலம் கூழாங்கல் போல இறுகியிருந்தது. முக்கினேன். கண்ணாடித் துண்டு ஒன்று கீறிக்கொண்டு இறங்கியது போல ஒரு வலி. கழுவிய தண்ணீரில் ரத்தம், நல்ல சிவப்பு நிறத்தில், நாலைந்து சொட்டு.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். எழுந்து பத்து நிமிடம் கழித்துத்தான் உண்மையான வலி தொடங்கியது. எரிச்சலும் விண்விண் என்ற தெறிப்புமாக, பிற்பகல் ஒரு மணி வரை நாற்காலியில் நேராக உட்கார முடியவில்லை. மறுநாளும் அப்படியே. இப்படி மூன்று வாரம் யாரிடமும் சொல்லாமல், மருந்துக்கடையில் மூலத்துக்கான களிம்பை வாங்கிப் பூசிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு அறுவை மருத்துவரிடம் போனபோது அவர் பார்க்க எடுத்துக்கொண்டது அரை நிமிடம்தான். "இது மூலம் இல்லை, ஃபிஷர். வெடிப்பு" என்றார். அந்த மூன்று வாரத்தில் நான் தெரிந்துகொண்டிருக்க வேண்டிய விஷயங்கள்தான் இவை.

மூலமா, வெடிப்பா?

நம் ஊரில் பின்பக்கம் எது வந்தாலும் அதற்குப் பெயர் மூலம்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு. மூலம் என்பது ரத்த நாளங்கள் புடைப்பது. உள்மூலத்தில் பெரும்பாலும் வலி இருக்காது, ரத்தம் மட்டும் போகும். வெடிப்பு என்பது ஆசனவாயின் விளிம்பில் உள்ள மெல்லிய தோல் கிழிவது. குளிர்காலத்தில் உதடு வெடிப்பது போல ஒரு சிறு கீறல்தான், அரை அங்குல நீளம்கூட இருக்காது. ஆனால் அந்த இடத்துத் தோலில் வலி உணரும் நரம்புகள் நெருக்கமாக இருப்பதால் இத்தனை வேதனை.

மலம் போகும்போது கீறும் வலி, போன பிறகு மணிக்கணக்கில் நீடிக்கும் வலி, துளித் துளியாகச் சிவப்பு ரத்தம். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் வெடிப்புதான். கிழிசல் அநேகமாக முதுகெலும்பை நோக்கிய பின்பக்க நடுக்கோட்டில் இருக்கும். சில பெண்களுக்கு, குறிப்பாகப் பிரசவத்துக்குப் பிறகு, முன்பக்க நடுக்கோட்டிலும் வரும்.

கீறல் சிறியது, வலி மட்டும் ஏன் இத்தனை நேரம்?

ஆசனவாயைச் சுற்றி இரண்டு வளையத் தசைகள் உண்டு. வெளி வளையத்தை நாமே இறுக்கலாம், தளர்த்தலாம். உள் வளையம் நம் பேச்சைக் கேட்காது. அது தானாகவே எப்போதும் இறுகியிருக்கும். அதனால்தான் தூங்கும்போதும் கசிவதில்லை. தோல் கிழிந்து வலி வந்ததும் இந்த உள் தசை, சுருக்குப்பையின் கயிற்றைப் பிடித்து இழுத்தது போல இன்னும் இறுகிக்கொள்கிறது. மலம் போன பிறகு நம்மை மணிக்கணக்கில் படுத்துவது கீறலைவிட அதிகமாக இந்த இறுக்கம்தான். ஆடுதசையில் குரக்களி பிடித்தால் எப்படி வலிக்குமோ, அதே வகை வலி.

இறுக்கத்தால் இன்னொரு கெடுதலும் உண்டு. பின்பக்க நடுக்கோட்டுக்கு இயல்பிலேயே ரத்த ஓட்டம் குறைவு. தசை இறுகும்போது அந்தக் கொஞ்ச ரத்தமும் சரியாகப் போய்ச் சேருவதில்லை. ரத்தம் போகாத புண் ஆறாது. ஆறாத புண்ணில் மறுநாள் மலம் பட்டால் மறுபடி கிழியும், தசை மறுபடி இறுகும்.

இதற்கு நடுவில் நாம் ஒரு தவறு செய்கிறோம். வலிக்குப் பயந்து மலத்தை அடக்குகிறோம். நான் இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் போனேன், அதுவும் வேறு வழியில்லாமல். பெருங்குடலின் வேலையே மலத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சுவதுதான். உள்ளே எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு காயும். பயந்து அடக்கிய மலம் முந்தையதைவிடக் கெட்டியாக வந்து, பாதி ஆறிய புண்ணைப் பிளந்துவிடும்.

ஆக, இந்தச் சுழலை இரண்டு இடத்தில் வெட்டலாம். மலத்தை இளக்கினால் கிழிவது நிற்கும். வெந்நீரில் உட்கார்ந்தால் இறுக்கம் தளரும். 1986-ல் வெளியான ஒரு டென்மார்க் ஆய்வில், முதல்முறை வெடிப்பு வந்தவர்களில் தவிடும் வெந்நீர்க் குளியலும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 87 பேருக்கு மூன்று வாரத்தில் ஆறியது. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் களிம்பை மட்டும் பூசியவர்களில் 60 பேருக்குத்தான் ஆறியது. வலியை மறைப்பதைவிடக் காரணத்தைத் தொடுவது அதிகப் பலன் தருகிறது என்பதே நான் இதில் புரிந்துகொண்டது.

முதல் படி: மலத்தை இளக்குவது

இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். நீங்கள் அடைய வேண்டியது பேதி இல்லை. தோலுரித்த வாழைப்பழம் போல, மிருதுவாக, உருவத்தோடு, முக்காமல் வழுக்கிக்கொண்டு வரும் மலம். விளக்கெண்ணெய் குடித்தோ, கடையில் விற்கும் கடுமையான பேதி மாத்திரை போட்டோ நீராகப் போக வைத்தால் அந்த நீரே புண்ணை எரிக்கும். அடிக்கடி போவதால் புண்ணுக்கு ஓய்வும் கிடைக்காது.

உணவில் ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து இருக்க வேண்டும். நம் வழக்கமான சாப்பாட்டில் அது சேருவது கஷ்டம். காலையில் இட்லி, மதியம் வெள்ளைச் சோறு, இரவு தோசை என்று போனால் வயிறு நிறையும், நார் நிறையாது. ஒரு கிண்ணம் வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம் நார்கூடத் தேறுவது சந்தேகம். 100 கிராம் கொய்யாவில் 5 கிராமுக்கு மேல் இருக்கிறது. வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல் 100 கிராமில் சுமார் 7 கிராம். நான் சோற்றை விடவில்லை. அளவைப் பாதியாக்கி, பொரியலை இரண்டு மடங்காக்கினேன். அவரைக்காய், கீரை, வாழைத்தண்டு என்று மாற்றி மாற்றி. மாலையில் வடை, பஜ்ஜிக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல், தினமும் ஒரு கொய்யா. கொய்யா விதையை மெல்லாமல் விழுங்கினால் புண்ணில் உறுத்துகிறது என்று சிலர் சொல்வார்கள். அப்படி இருந்தால் பப்பாளி எடுத்துக்கொள்ளுங்கள்.

புண் ஆறும்வரை உணவை மட்டும் நம்பிக் காத்திருக்க முடியாது என்பதால் இசப்கோல் உமி வேண்டும். மருந்துக்கடையில் பொட்டலமாகக் கிடைக்கும். இரவில் இரண்டு தேக்கரண்டி, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில். இங்கே ஒரு விஷயத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். உமியைத் தண்ணீரில் போட்டு ஒரு நிமிடம் விட்டுப் பாருங்கள், மொத்தமும் கொழகொழவென்று களியாகிவிடும். தண்ணீரை இழுத்துப் பிடிப்பதுதான் அதன் வேலை. குடலுக்குள்ளும் அதையேதான் செய்கிறது. எனவே கலக்கியவுடன் குடித்துவிட வேண்டும், அதன் பிறகு இன்னொரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் குறைவாகக் குடித்துக்கொண்டு உமியை மட்டும் விழுங்கினால் அடைப்பும் உப்புசமும்தான் மிச்சம். என் முதல் வாரம் அப்படித்தான் போனது. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களும் குடல் அடைப்பு வந்தவர்களும் இதை எடுக்கக் கூடாது. வேறு மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

முதலில் ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, நாலைந்து நாளில் இரண்டாக்குங்கள். எடுத்த எடுப்பிலேயே நாரை அதிகமாக்கினால் வாயு சேரும்.

உமி வேலை செய்ய இரண்டு மூன்று நாள் ஆகும். ஏற்கெனவே உள்ளே இறுகிக் கிடப்பதை அது இளக்காது. அதற்கு லாக்டுலோஸ் சிரப் உதவும், பெரியவர்களுக்கு இரவில் 15 மில்லியில் தொடங்குவது வழக்கம். குடலுக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்து மலத்தை நனைக்கும். தித்திப்பாக இருக்கும், கொஞ்சம் வாயு வரும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு எடுங்கள். எனக்கு லாக்டுலோஸ் பத்து நாள், இசப்கோல் பல மாதம்.

தண்ணீருக்கு லிட்டர் கணக்கு எல்லாருக்கும் ஒன்றாக இருக்காது. சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகும் அளவு குடித்தால் சரி. வெயிலில் வேலை செய்பவருக்கு அது மூன்று லிட்டரைத் தாண்டலாம். சிறுநீரகம், இதயம் பாதித்து தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்கள் அந்த அளவை மீறக் கூடாது. அப்புறம், நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளையும் ஒருமுறை பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, கோடீன் சேர்ந்த இருமல் மருந்து எல்லாம் மலத்தை இறுக்கும். கர்ப்பிணிகளுக்கும் பிரசவமானவர்களுக்கும் வெடிப்பு வருவதில் இரும்பு மாத்திரைக்கும் பங்கு உண்டு. அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம். மருத்துவரிடம் சொன்னால் வேறு வகைக்கு மாற்றித் தருவார்.

இரண்டாம் படி: கழிப்பறையில் ஐந்து நிமிடம்

காலை உணவு வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் தானாக அசையத் தொடங்கும். அந்த நேரத்தில் வரும் உந்துதலைத் தள்ளிப்போடாதீர்கள். உந்துதல் இல்லாமல் போய் உட்கார்ந்து முக்கவும் வேண்டாம். கைப்பேசியை வெளியே வைத்துவிடுங்கள். நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தால் அந்த இடத்தில் அழுத்தம் கூடிக்கொண்டே போகும். ஐந்து நிமிடத்தில் வரவில்லை என்றால் எழுந்துவிடலாம், உந்துதல் மறுபடி வரும்.

குந்தி உட்காரும் கழிப்பறை இருந்தால் அதுவே நல்லது. நாற்காலி போன்ற கழிப்பறை என்றால் காலடியில் ஒரு சாண் உயர முக்காலியை வைத்து, முழங்கால் இடுப்பைவிட மேலே வருமாறு உட்காருங்கள். குடலின் கடைசி வளைவு நேராகி, முக்க வேண்டிய தேவை குறையும்.

கழுவும்போது கைப்பிடிக் குழாயின் பீச்சலை நேராகப் புண்ணில் அடிக்காதீர்கள். அந்த வேகம் புண்ணைக் கீறும், தசையையும் திடுக்கிட்டு இறுக வைக்கும். குவளைத் தண்ணீர் போதும். சோப்பு வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

மூன்றாம் படி: வெந்நீரில் உட்காருவது

இது எனக்கு முதல் நாளே பலன் தந்த படி. ஆனால் எதற்காகச் செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும். வெந்நீர் புண்ணைக் கழுவுவதற்கோ கிருமியைக் கொல்வதற்கோ அல்ல. சூடு பட்டதும் உள் தசை தளர்கிறது, அவ்வளவுதான். தசை தளர்ந்தால் வலி இறங்கும், ரத்த ஓட்டம் கூடும். எனவே மலம் போன பிறகு வலி உச்சத்துக்கு ஏறும் வரை காத்திருக்காமல், கழுவிய கையோடு வெந்நீரில் உட்கார்ந்துவிட வேண்டும்.

இடுப்பு நன்றாக உட்காரும் அகலமான பிளாஸ்டிக் டப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைகளைக் குளிப்பாட்டும் டப்பே போதும். ஆசனவாய் முழுதாக மூழ்கும்படி நாலைந்து அங்குலம் தண்ணீர். சூடு 40 டிகிரி செல்சியஸ் அளவு. வெப்பமானி இல்லையென்றால் முழங்கையை நனைத்துப் பாருங்கள், கைக்குழந்தைக்குத் தண்ணீர் பார்ப்பது போல. இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. சூடு அதிகமானால் சீக்கிரம் ஆறும் என்று நினைத்து ஒருநாள் கொதிநீரைக் கூடுதலாகக் கலந்தேன். புண்ணோடு சேர்த்துச் சுற்றியிருந்த தோலும் சிவந்து எரிந்ததுதான் பலன். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டை வேறொருவரைக் கொண்டு பார்த்துக்கொள்வது நல்லது.

பத்து முதல் பதினைந்து நிமிடம். ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று தடவை, அதில் ஒன்று கட்டாயம் மலம் போன பிறகு. உட்கார்ந்து நாலு நிமிடத்தில் உள்ளே எதோ ஒரு முடிச்சு அவிழ்வது போல இருக்கும். அதுதான் தசை தளரும் நேரம். அதன் பிறகும் பத்து நிமிடம் இருங்கள், எழுந்ததும் மறுபடி இறுகாமல் இருக்க அது உதவும். வேலைக்குப் போகிறவர்களுக்கு மதியம் டப்பில் உட்கார வழியில்லை. காலையும் இரவும் செய்தாலே போதும்.

தண்ணீரில் எதையும் போட வேண்டாம். டெட்டால் ஊற்றுகிறார்கள், பொட்டாசியம் பெர்மாங்கனேட் போடுகிறார்கள். இரண்டும் புண்ணை எரிக்கும். பெர்மாங்கனேட் துகள் கரையாமல் நின்றால் தோலைச் சுட்டுவிடும். உப்பு போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெந்நீர் மட்டுமே புண்ணை ஆற்றிவிடாது. வலி குறைகிறதே என்று மலத்தை இளக்காமல் டப்பில் மட்டும் உட்கார்ந்துகொண்டிருந்தால், ஒவ்வொரு காலையும் புண் புதிதாகக் கிழியும்.

களிம்பு எங்கே வருகிறது?

மலம் இளகி, வெந்நீரும் எடுத்து இரண்டு மூன்று வாரத்தில் தேறவில்லை என்றால் மருத்துவர் தசையைத் தளர்த்தும் களிம்பு எழுதித் தருவார். 2 சதவீத டில்டியாசெம் அதிகம் தரப்படுவது. பட்டாணி அளவு எடுத்து ஆசனவாய் விளிம்பிலும் சற்று உள்ளேயும் தினம் இரண்டு வேளை, ஆறு முதல் எட்டு வாரம். விரலை ஆழமாக விட வேண்டியதில்லை. நைட்ரோகிளிசரின் களிம்பும் இதே வேலையைச் செய்யும், ஆனால் பலருக்குத் தலைவலி வரும். ஆண்மைக்குறைவுக்கு சில்டெனாஃபில் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். நான் முதல் மூன்று வாரம் பூசியது போன்ற மூலக் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். மருத்துவர் சொல்லாமல் வாரக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துபோகும்.

ஆறுகிறதா என்று எப்படித் தெரியும்?

புண்ணை நாமே பார்க்க முடியாது. நான் ஒரு பழைய நாட்குறிப்பில் தினமும் ஒரு வரி எழுதினேன்: மலம் எப்படி இருந்தது, போன பிறகு வலி எத்தனை நேரம் நீடித்தது. முறையாகத் தொடங்கிய முதல் நாள் நாலு மணி நேரம். ஐந்தாம் நாள் இரண்டு மணி நேரம். பத்தாம் நாள் நாற்பது நிமிடம். மூன்றாம் வார முடிவில் பத்து நிமிட எரிச்சல் மட்டும். கீறும் வலி கடைசியாகத்தான் போகும், பின்வலியின் நேரம் முதலில் சுருங்கும். தசை தளர்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். நடுவில் ஒருநாள் ரத்தம் எட்டிப் பார்த்தால் பதற வேண்டாம், முந்தின நாள் என்ன சாப்பிட்டோம், எவ்வளவு தண்ணீர் குடித்தோம் என்று பாருங்கள்.

நாலாம் வாரம் வலி சுத்தமாக நின்றது. இசப்கோலை நிறுத்தினேன். ஒரு கல்யாண வீட்டில் இரண்டு நாள், தண்ணீர் குறைவு, பிரியாணி, பரோட்டா. மூன்றாம் நாள் காலையில் அதே கண்ணாடிக் கீறல். குறிப்பில் எண் மறுபடி மூன்று மணி நேரத்துக்குப் போனது. வலி நின்றதும் தோல் மேலே மூடியிருக்கும், உள்ளே இன்னும் உறுதிப்பட்டிருக்காது. முன்னே சொன்ன டென்மார்க் ஆய்வைச் செய்த மருத்துவர் 1987-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், ஆறியவர்களுக்கு ஓராண்டு தவிடு கொடுத்துப் பார்த்தார்கள். தினம் மூன்று வேளை 5 கிராம் எடுத்தவர்களில் நூற்றுக்கு 16 பேருக்குத் திரும்ப வந்தது. வெறும் போலி மருந்து எடுத்தவர்களில் 68 பேருக்கு. அளவைப் பாதியாக்கியவர்களுக்கும் ஏறக்குறைய அதே கதிதான், 60 பேர். நான் இப்போது வலி இல்லாவிட்டாலும் இரவு டம்ளரை விடுவதில்லை. பயணத்தில் உமியைச் சிறு டப்பாவில் போட்டு எடுத்துப் போகிறேன்.

எப்போது வீட்டு வைத்தியத்தை நிறுத்த வேண்டும்?

ஆறு முதல் எட்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் ஆறவில்லை என்றால் அது நாள்பட்ட வெடிப்பு. ஓரத்தில் ஒரு சின்னத் தோல் முடிச்சு தட்டுப்படலாம், பலர் அதைத்தான் மூலம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த நிலையில் போட்டாக்ஸ் ஊசியோ, உள் தசையில் ஒரு சிறு பகுதியை வெட்டித் தளர்த்தும் அறுவையோ செய்வார்கள். அறுவையில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆறிவிடும். ஆனால் சிலருக்கு வாயுவையோ மலத்தையோ அடக்கும் திறன் கொஞ்சம் குறையலாம் என்பதால், மற்றவை பலிக்காதபோதுதான் அதற்குப் போவார்கள். பிரசவமான பெண்கள் இதைப் பற்றி மருத்துவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காய்ச்சலோடு பக்கத்தில் வீக்கமும் இடைவிடாத வலியும் இருந்தால் சீழ் கட்டியிருக்கலாம், அன்றே போங்கள். ரத்தம் சொட்டாக இல்லாமல் கொட்டினாலும், மலம் கருப்பாகப் போனாலும், எடை குறைந்தாலும், நாற்பது வயதுக்கு மேல் முதல்முறையாக ரத்தம் கண்டாலும் வெடிப்புதான் என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. புண் நடுக்கோட்டில் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தாலோ, வலியே இல்லாமல் இருந்தாலோ, காசநோய், குரோன் நோய், புற்றுநோய் போன்றவற்றையும் மருத்துவர் தேடிப் பார்ப்பார்.

மருத்துவரிடம் போகும் பயம் எனக்கு விரல் பரிசோதனையை நினைத்துத்தான் இருந்தது. உள்ளே போனதும், "டாக்டர், ரொம்ப வலிக்கிறது, விரல் விட்டுப் பார்க்க வேண்டாமே" என்றேன். "வேண்டாம், பக்கவாட்டில் படுங்கள், விலக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்" என்றார். அப்படித்தான் தெரிந்தது. வலி இருக்கும்போது அந்தப் பரிசோதனையைப் பிறகு செய்யச் சொல்லிக் கேட்கலாம்.